தேன் பாட்டிலுக்குக் கீழே விழுந்த பிரதிபலிப்பை அழிக்கலாமா?

மார்த்தாண்டம்காரன்:
களியக்காவிளையில் ஒரு தேன் கடைக்கு 12 பாட்டில் படம் எடுத்தேன். கறுப்பு அக்ரிலிக் ஷீட்டில் வைத்து, கேமராவைச் சற்று மேலிருந்து சாய்த்து எடுத்தது. பாட்டிலைப் பின்னணியிலிருந்து வெட்டும்போது அடியில் விழுந்த பிரதிபலிப்பையும் விட்டுவைத்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைக்காரர் வெள்ளைப் பின்னணியில் வைத்ததும் அடியில் கரி அப்பின மாதிரி ஒரு திட்டு. சரி என்று அழித்தால் பாட்டில் அந்தரத்தில் தொங்குகிறது. அப்புறம் பாட்டிலை காப்பி எடுத்து, கவிழ்த்து, கீழே ஒட்டினேன். அது இன்னும் மோசம். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செங்கோட்டை ஸ்டுடியோ:
எப்போதும் அழித்துவிடுங்கள். ஆன்லைனில் விற்க வெள்ளைப் பின்னணிதான் கேட்பார்கள். நான் யோசிப்பதே இல்லை.

பாலக்காட்டிலிருந்து:
எனக்கும் இதே தொல்லை. பாட்டில் கண்ணாடியில் லைட் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது, அதை அழித்தால் பாட்டில் தட்டையாகிவிடுகிறது.

பாறசாலை அண்ணாச்சி:
பாலக்காட்டுத் தம்பி, அது வேறு விஷயம், அந்தப் பட்டையைத் தொடாதீர்கள். செங்கோட்டைக்காரர் சொல்வது ஆன்லைன் விற்பனைப் படத்துக்குச் சரி, ஆனால் போஸ்டருக்கு அப்படியில்லை.

மார்த்தாண்டம் தம்பி, அந்தப் பிரதிபலிப்பில் இருப்பது பாட்டிலின் வெளிச்சமும் ஷீட்டின் கறுப்பும் கலந்தது. அதைச் சுற்றித் தனி பாத் போட்டு வெட்டி, தனி லேயராக வைத்து, பிளெண்ட் மோடை Screen ஆக்கினால் கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் நிற்கும். கரும்பச்சைப் பின்னணியில் நான் அப்படித்தான் செய்தேன். வெள்ளையில் மட்டும் அந்த வெளிச்சமும் மறைந்துவிடும், அங்கே அழிப்பதைத் தவிர வழியில்லை. அடியை ஒட்டி மெல்லிய நிழல் ஒன்றைப் போட்டால் தொங்குவது நின்றுவிடும்.

கவிழ்த்து ஒட்டியது ஏன் மோசம் என்றால், மேலிருந்து பார்க்கும்போது பாட்டிலின் அடிவளைவு கீழ்நோக்கி வளைந்திருக்கும். கவிழ்த்தால் அது மேல்நோக்கி வளையும். இரண்டும் நடுவில் மட்டும் தொடும், ஓரங்களில் வாய் பிளந்து நிற்கும். உண்மையான பிரதிபலிப்பில் வளைவுகள் எல்லாம் கீழ்நோக்கியே போகும். லேபிளின் கீழ்க்கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மார்த்தாண்டம்காரன்:
அண்ணாச்சி, லேபிள் கோட்டைப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது! சரி, பாட்டில் எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேனும் கறுப்பு, ஷீட்டும் கறுப்பு.

பாறசாலை அண்ணாச்சி:
200 சதவீதம் பெரிதாக்கிப் பக்க ஓரங்களைப் பாருங்கள். பாட்டிலின் அடி உருண்டு உள்ளே ஒடுங்கும், பிரதிபலிப்பு மறுபடி விரியும். இடுப்பு மாதிரி ஒடுங்கும் அந்த இரு புள்ளிகளையும் அடிவளைவால் இணையுங்கள். நேர்கோடு இழுத்தால் முன்பக்க அடி வெட்டுப்பட்டுப் போகும்.

நாகர்கோவில் பித்தளைக்கடை:
குத்துவிளக்கின் பாதத்தில் கறுப்பு ஷீட்டே தெரிகிறது. கீழே இருந்ததை வெட்டிவிட்டேன், பித்தளைக்குள் இருக்கும் கறுப்புப் பட்டையை என்ன செய்ய?

பாறசாலை அண்ணாச்சி:
அதை நான் தொடுவதில்லை. பாதத்தின் வளைவே அந்தப் பட்டையில்தான் தெரியும்.

செங்கோட்டை ஸ்டுடியோ:
வெள்ளைப் பின்னணியில் வைத்தால் அந்தப் பட்டை அழுக்கு மாதிரி இருக்குமே அண்ணாச்சி. நான் லேசாக்குவேன்.