மனைவிக்குக் கொடுத்த 10 லட்சம்: எஃப்டி வட்டியை யார் கணக்கில் காட்டணும்?

சேலத்தான்:
2024 ஏப்ரல் தொடக்கத்தில் மனைவிக்கு 10 லட்சம் கொடுத்தேன். அவர் தன் பெயரில் 7 சதவீதத்துக்கு எஃப்டி போட்டார், வட்டி அசலோடு சேரும் வகை. முதல் வருஷ வட்டி 70,000, 2025-26இல் 74,900. அவருக்கு வேறு வருமானம் இல்லை. வரி பிடிக்க வேண்டாம் என்னும் 15G படிவம் கொடுத்ததால் வங்கி வரி பிடிக்கவில்லை. நான் 30 சதவீத அடுக்கில் இருக்கிறேன். இந்த வட்டியை யார் காட்டணும்?

மணிகண்டன்_77:
கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரியே கிடையாது சார். பணம் அவங்களுது, வட்டியும் அவங்களுது. 12 லட்சம் வரை வரி இல்லைன்னு சொல்லிட்டாங்களே. நிம்மதியா இருங்க.

பேரேடு:
மணிகண்டன் சொல்வதில் முதல் பாதிதான் சரி. 10 லட்சத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானத்தை 1961 சட்டத்தின் 64(1)(iv) பிரிவு கணவர் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. இல்லாவிட்டால் மேல் அடுக்கில் இருப்பவர் எல்லாரும் பணத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டுப் போய்விடுவார்களே.

உங்கள் கணக்கு இப்படி வரும். முதல் வருஷ 70,000 முழுக்க உங்களுடையது. 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து வரி 21,840. இரண்டாம் வருஷத்து 74,900 ஐப் பிரிக்கணும். 10 லட்சத்துக்கான 70,000 மறுபடி உங்களுக்கு. முதல் வருஷ வட்டியான 70,000க்குக் கிடைத்த வட்டி 4,900 மட்டும் மனைவிக்கு. வட்டிக்கு வட்டி கணவரிடம் திரும்பி வராது.

ITR-2இல் Schedule SPI என்ற பகுதியில் மனைவியின் பெயர், பான், உறவு, தொகை, வருமான வகை ஆகியவற்றைப் போடுங்கள். வட்டி அவர் பானில்தான் பதிவாகியிருக்கும் என்பதால் உங்கள் படிவத்தில் தானாக வந்து உட்காராது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

சேலத்தான்:
நன்றி சார். போன வருஷம் நான் காட்டவே இல்லையே. 15G கொடுத்ததும் தப்பா?

பேரேடு:
15G உறுதிமொழியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 60 முதல் 64 வரையுள்ள பிரிவுகளின்படி இந்த வருமானம் வேறு யாருடைய வருமானத்திலும் சேராது என்று கையெழுத்துப் போடுகிறோம். உங்கள் மனைவி விஷயத்தில் அது உண்மை இல்லை. இனி இந்த எஃப்டிக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

2024-25க்குத் திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு 2025 டிசம்பர் 31உடன் முடிந்தது. மிச்சம் இருப்பது, கெடு முடிந்த பிறகு விட்டுப்போன வருமானத்தைக் காட்டும் ITR-U படிவம். 2027 மார்ச் 31க்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். தள்ளிப்போட்டால் அந்தச் சதவீதம் ஏறும்.

கீதா_மதுரை:
எங்க வீட்டுக்காரர் அவர் ஃபிளாட்டையே என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டார். வாடகை என் கணக்குலதான் வருது. பத்திரம் என் பெயரில் இருக்கிறதால இது எனக்குப் பொருந்தாதுதானே?

பேரேடு:
பொருந்தும் அம்மா. பத்திரத்தில் நீங்கள் உரிமையாளர். வருமான வரிக்கு மட்டும் 27ஆவது பிரிவு அவரையே உரிமையாளராகக் கருதுகிறது. வாடகையில் வீட்டு வரியும் 30 சதவீதக் கழிவும் போக மீதி அவர் கணக்கில். நாளை விற்றால் மூலதன ஆதாயமும் அவருக்கே. ஆனால் வாடகையைச் சேர்த்து நீங்கள் எஃப்டி போட்டால் அதன் வட்டி உங்களுடையது.

தறிக்காரன்:
அன்பளிப்புன்னு ஏன் எழுதணும்? கடன்னு ஒரு தாள் எழுதிட்டா முடிஞ்சது.

பேரேடு:
நியாயமான வட்டியோடு, வங்கி வழியாகத் திருப்பிக் கட்டும் உண்மையான கடன் என்றால் இந்தப் பிரிவு வராது. ஆனால் மனைவி கொடுக்கும் வட்டி உங்கள் வருமானம். 7 சதவீதத்துக்குக் கடன் கொடுத்து 7 சதவீத எஃப்டி போட்டால் மிச்சம் என்ன? வட்டியில்லாக் கடனில் தீர்ப்புகள் ஒரே பக்கமாக இல்லை. அதை நம்பி நான் யோசனை சொல்ல மாட்டேன். பணம் போய் ரெண்டு வருஷம் கழித்துத் தாள் எழுதுவது எடுபடாது.

மணிகண்டன்_77:
அப்போ எங்க அப்பா என் மனைவிக்கு நேரடியா கொடுத்தா?

பேரேடு:
மருமகளுக்குக் கொடுத்தால் மாமனார் கணக்கில் சேரும். அவர் உங்களுக்குக் கொடுத்தால் சேராது, வருமானம் உங்களுடையது.

சேலத்தான், எஃப்டி முதிரும்போது 10 லட்சத்தை ஒரு எஃப்டியாகவும், சேர்ந்த வட்டியைத் தனி எஃப்டியாகவும் போடச் சொல்லுங்கள். முதல் எஃப்டியில் வட்டி அசலில் சேராமல் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும். வருஷா வருஷம் பிரித்துக் கணக்குப் போடும் வேலை இருக்காது.

சேலத்தான்:
செய்கிறேன் சார். மாசாமாசம் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தில் அவர் மிச்சம் பிடித்துச் சீட்டு கட்டுகிறார். அதுவும் சேருமா?

பேரேடு:
அங்கே வாதத்துக்கு இடம் உண்டு. செலவுக்குக் கொடுத்ததா, சொத்தாகக் கொடுத்ததா என்பதைப் பொறுத்தது. தொகை எவ்வளவு?