கலைச்சொல் தேவை: நேரங்கெட்ட நேரத்தை முறை போட்டுப் பகிர்வதற்கு

நிர்மலா (பெங்களூரு) எழுதியது:

வணக்கம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற நாட்காட்டிச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் ஓடிவிட்டது, இந்த ஒரு வரியில் வண்டி நிற்கிறது.

```
msgid "Rotate awkward hours fairly"
msgstr ""
```

தொலைதூர ஊர்களில் சிதறிக் கிடக்கும் ஒரு குழு வாரம் ஒருமுறை கூடவேண்டும். எந்த நேரம் வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அது தூங்கும் நேரமாகவோ சாப்பிடும் நேரமாகவோ இருக்கும். அந்தக் கஷ்டம் எப்போதும் ஒரே ஊரின் தலையில் விழாமல் மாற்றி மாற்றி வைப்பதற்கான பொத்தான் இது. ஒரு பொத்தானில் அடங்கும் அளவுக்குச் சொல் வேண்டும்.

எனக்கு இது வெறும் மொழிபெயர்ப்பு வேலை இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் எங்கள் குழு பெங்களூரு, பெர்லின், சான் பிரான்சிஸ்கோ என்று மூன்று ஊரில் இருக்கிறது. இரண்டு வருடமாகச் செவ்வாய்தோறும் இரவு எட்டரைக்குத்தான் மீட்டிங். பெர்லினில் அப்போது மாலை ஐந்து, அமெரிக்காவில் காலை எட்டு. ரிங் ரோடு நெரிசலைத் தாண்டி வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே லேப்டாப்பைத் திறக்கவேண்டும். இதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் எப்படிப் புகார் சொல்வது?

ஜெயந்தி எழுதியது:

நிர்மலா, இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே, சுழற்பணி. என் வீட்டுக்காரர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஆறு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கேப் வந்து ஹாரன் அடிக்கும்போது நாங்கள் எல்லோரும் தூங்கப் போவோம். அதையே போட்டுவிடுங்கள்.

பிரபு எழுதியது:

ஷிஃப்டில் ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். இங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் வரவேண்டும். அதனால் சுழற்பணி பொருந்தாது, ஜெயந்தி அக்கா.

ஆனால் சுழற்றவே வேண்டுமா என்பது என் கேள்வி. எல்லோருடைய ஒன்பது மணி முதல் ஆறு மணி வரையிலான வேலை நேரத்தை அடுக்கிப் பார்த்தால் எங்காவது ஒரு மணி நேரம் பொதுவாக விழும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் ஊருக்கு ஒரு வாரம் என்று கஷ்டத்தைப் பிரித்துவிடலாம். மூன்று ஊர், மூன்று வாரம், கணக்கு முடிந்தது. சொல் 'சமச்சுழற்சி'.

அன்வர் எழுதியது:

பிரபு, அடுக்கிப் பார்ப்பது சரியான முதல் படிதான். ஆனால் பெங்களூருவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அங்கே ஒன்பது அடிக்கும்போது இங்கே இரவு ஒன்பதரை. பொதுவான வேலை நேரம் என்று ஒரு நிமிடம்கூட விழாது.

'ஊருக்கு ஒரு வாரம்' என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெர்லின் மற்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கஷ்டத்தைப் பெர்லினுக்குக் கொடுப்போம் என்று அங்கே இரவு பத்துக்கு வைத்தால், பெங்களூருவில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை. தண்டனை பெர்லினுக்கு என்று சொல்லிவிட்டு அடி நிர்மலாவுக்கு விழுகிறது. ஆக, எந்த ஊரின் முறை என்று எண்ணினால் போதாது. ஒவ்வொரு நேரமும் ஒவ்வொருவர் மேல் எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்று எண்ணவேண்டும்.

எங்கள் குழுவில் செய்வதைச் சொல்கிறேன். காலை 9 முதல் மாலை 6 வரை சுமை இல்லை. காலை 8 முதல் 9, மாலை 6 முதல் 8 என்றால் 1 புள்ளி. காலை 7 முதல் 8, இரவு 8 முதல் 10 என்றால் 2. காலை 6 முதல் 7, இரவு 10 முதல் 11 என்றால் 4. அதற்கு அப்பால் 10, அதாவது வைக்கவே வைக்காதே என்று பொருள். இந்த எண்கள் வேதவாக்கில்லை, நாங்களாக உட்கார்ந்து பேசி வைத்தவை.

நிர்மலாவின் இப்போதைய நேரத்தைக் கோடைக் கணக்கில் போட்டால் பெங்களூரு 2, பெர்லின் 0, சான் பிரான்சிஸ்கோ 1. இதை 'மாலை' என்போம். இன்னொன்றைப் பாருங்கள்: பெர்லினில் காலை 6, பெங்களூருவில் காலை 9.30, சான் பிரான்சிஸ்கோவில் முதல் நாள் இரவு 9. அதன் சுமை பெங்களூரு 0, பெர்லின் 4, சான் பிரான்சிஸ்கோ 2. இதை 'விடியல்' என்போம். இரண்டு வாரம் மாலை, மூன்றாவது வாரம் விடியல் என்று வைத்தால் மூன்று வாரத்தில் ஆளுக்கு நாலு, நாலு, நாலு!

இப்படிச் சரிசமமாக விழுவது அபூர்வம். இதற்கும் ஒரு விலை உண்டு. எப்போதும் மாலையே வைத்தால் மூன்று வாரத்தின் மொத்தச் சுமை 9, முறை போட்டால் 12. மேலாளர்கள் மொத்தத்தைக் காட்டி 'இப்போதிருப்பதே நல்லது' என்பார்கள். அந்த ஒன்பதில் ஆறு பெங்களூருவின் தலையில் என்பதைத் தனியாகக் காட்டவேண்டும்.

சுந்தரம் எழுதியது:

அன்வர் தம்பி போட்ட கணக்கைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கண்மாய்தான் ஞாபகம் வந்தது. நான் சிவகங்கைப் பக்கம். பிழைப்புக்காகப் பெங்களூரு வந்து முப்பது வருடம் ஓடிவிட்டது. தண்ணீர் குறைந்த வருடத்தில் 'முறை வைத்து' விடுவார்கள். இன்றைக்கு யார் வயலுக்கு, இரவு முறை யாருக்கு என்பதை நீர்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். ராத்திரி முறை வந்தவன் லாந்தர் எடுத்துக்கொண்டு போவான், ஆனால் அடுத்த தடவை பகல் முறை தனக்கு என்று அவனுக்குத் தெரியும். நிர்மலா அம்மா இப்போது கடைமடையில் நிற்கிறார், அவ்வளவுதான்.

சுழற்சி என்ற சொல் சுற்றிச் சுற்றி வருவதை மட்டும் சொல்கிறது. முறை என்பதில் 'உன் முறை' என்ற வரிசையும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. முறையிடு, முறைகேடு என்கிறோமே, அந்த முறைதான். அதனால் ஆங்கிலத்தில் நியாயமாக என்று தனியாக ஒட்டியிருப்பதைத் தமிழில் ஒட்டத் தேவையில்லை. 'முறைவேளை' என்று வைக்கலாம்.

பிரபு எழுதியது:

கணக்கில் நான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறைவேளை என்று பொத்தானில் பார்த்தால் யாரோ முறைத்துப் பார்க்கும் வேளை போல இருக்கிறது ஐயா :) இரண்டு முறை, செய்முறை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. 'அகாலச் சுழற்சி' சுருக்கமாக இல்லையா?

ஜெயந்தி எழுதியது:

அகாலம் வேண்டவே வேண்டாம். தெருமுனைச் சுவரொட்டியில் 'அகால மரணம்' என்று படித்துப் படித்து, அந்தச் சொல்லைக் கண்டாலே மாலை வாங்கத் தோன்றும்.

ஷிஃப்ட் இல்லை என்பது இப்போது புரிந்தது. ஒரு சந்தேகம். புள்ளியை ஊருக்குப் போடுகிறீர்களே, ஆளுக்கு ஆள் மாறாதா? ராத்திரி எட்டரை என்பது தனியாக இருக்கும் பையனுக்கு ஒன்றுமே இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு அதுதான் நாளிலேயே மோசமான நேரம்.

நிர்மலா எழுதியது:

ஜெயந்தி அக்கா சொன்னதுதான் எங்களுக்கும் நடந்தது. அன்வரின் அட்டவணையை அப்படியே குழுவில் வைத்தேன். பெர்லின் சக ஊழியர் ஒருவர் காலை ஆறு மணி தனக்குச் சுமையே இல்லை என்றார். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். ஏழு முதல் எட்டுதான் பள்ளிக்குக் கிளப்பும் அமளி, அதைத் தொடாதீர்கள் என்றார். அட்டவணையில் 4 என்றது அவருக்கு 0, 2 என்றது அவருக்கு 10.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. மூன்று அழைப்பையும் இந்திய நேரத்தில் போட்டுவிட்டு வருடக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். நவம்பரில் விடியல் கூட்டம் பெர்லினில் காலை ஐந்தாகிவிடுகிறது! நாங்கள் எதையுமே மாற்றவில்லை.

அன்வர் எழுதியது:

நீங்கள் மாற்றவில்லை, அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். இந்தியாவில் கோடை நேரம் கிடையாது, அதனால் நம் நேரத்தில் கட்டிய கூட்டம் நமக்கு நகராது, அவர்களுக்கு ஒரு மணி நேரம் நகரும். கூட்டத்தை எந்த ஊரில் கட்டுகிறோம் என்பதுதான் விஷயம். நான் பின்பற்றும் வழி இது: எந்த ஊர் அந்த நேரத்தில் அதிகம் சுமக்கிறதோ அந்த ஊரின் நேரத்தில் கட்டு. மாலைக் கூட்டம் பெங்களூருவில், விடியல் கூட்டம் பெர்லினில்.

```
DTSTART;TZID=Asia/Kolkata:20260901T203000
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=3

DTSTART;TZID=Asia/Kolkata:20260908T203000
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=3

DTSTART;TZID=Europe/Berlin:20260915T060000
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=3
```

இவை மூன்று தனித்தனி அழைப்புகள், ஒவ்வொன்றும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இப்போது குளிர்காலத்திலும் பெர்லினுக்கு ஆறு ஆறாகவே இருக்கும், உங்களுக்கு 9.30 என்பது 10.30 ஆகும், அதனால் நஷ்டமில்லை. மாலைக் கூட்டம் மட்டும் அமெரிக்காவுக்குக் காலை ஏழுக்கு இறங்கும், அங்கே மூன்று வாரச் சுமை 4 இலிருந்து 6 ஆகும். குளிர்காலத்துக்கு மட்டும் இன்னொரு வரிசை போடலாமா என்று குழுவைக் கேளுங்கள்.

இடைவாரங்களையும் கவனியுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் மாற்றும். 2026இல் அது மார்ச் 8, மார்ச் 29. அந்த மூன்று வாரம் விடியல் கூட்டம் சான் பிரான்சிஸ்கோவில் இரவு பத்துக்கு விழும். இலையுதிர்காலத்திலும் அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை ஒரு வாரம் இதே கதை. யாராவது ஒருவர் 'என் நாட்காட்டி கெட்டுவிட்டது' என்று எழுதினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

கிழமையும் ஏமாற்றும். நமக்குச் செவ்வாய் விடியல் அவர்களுக்குத் திங்கள் இரவு. ஆசையாகத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிடாதீர்கள், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

சொல் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் இந்தக் 'கட்டும் ஊருக்கு' ஒரு சொல் கொடுங்கள், தினமும் சொல்லித் தொலைக்கவேண்டியிருக்கிறது.

சுந்தரம் எழுதியது:

மாட்டைக் கட்டும் முளை இருக்கிறதே, 'முளையூர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு எட்டும் தூரம் வரை மற்றவை மேயட்டும்.

பிரபு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, முறைவேளை பிடிவாதமில்லை. வேலை நேரத்துக்கு வெளியே விழுவதைப் 'புறவேளை' என்று பிரித்துவிட்டு, முறையை வினையாக வைத்துவிடலாம். 'முறை வை' என்றால் யாரும் முறைக்கமாட்டார்கள்.

பிரபு எழுதியது:

புறவேளை நன்றாக இருக்கிறது. முளையூர் பழைய ஊர்ப்பெயர் மாதிரி இருக்கிறது, முளை என்றதும் எனக்குப் பயறுதான் ஞாபகம் வருகிறது. 'நிலையூர்' கூடாதா?

நிர்மலா எழுதியது:

இப்போதைக்கு இப்படிப் போட்டிருக்கிறேன்:

```
#, fuzzy
msgid "Rotate awkward hours fairly"
msgstr "புறவேளையை முறை வை"
```

பொத்தானில் அடங்குகிறது. முளையூரா நிலையூரா என்பதை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிவைக்கிறேன், இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. ஆளுக்கு ஆள் புள்ளி போடுவதற்குச் செயலியில் இடமே இல்லை, ஊருக்குத்தான் போடமுடிகிறது. ஜெயந்தி அக்காவின் கேள்வியை அப்படியே வழுவாகப் பதிந்திருக்கிறேன். நாளை மறுநாள் எங்கள் முதல் விடியல் கூட்டம். காலை ஒன்பதரைக்கு, காபியோடு.