நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஹைப்ரிட் எடுத்தால் போட்ட காசு திரும்புமா?

வேலைக்குப் போய்வர தினமும் நெடுஞ்சாலையில்தான் ஓட்டம், வருடத்துக்குச் சுமார் 24,000 கிலோமீட்டர். ஒரே மாடலில் சாதா பெட்ரோலா, ஹைப்ரிடா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

நகரத்தில் ஹைப்ரிட் ஜெயிப்பது புரிகிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தி பேட்டரிக்குப் போகிறது, சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக்குக்கு வேலையே இல்லையே! அங்கே கிடைக்கும் லாபம் பெரும்பாலும் சிக்கனமான அட்கின்சன் வகை இன்ஜினால்தான்.

என் கணக்கு இது. நெடுஞ்சாலையில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 16, ஹைப்ரிட் 20 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 6.25 லிட்டர், 5 லிட்டர். மிச்சம் 1.25 லிட்டர், வருடத்துக்கு 300 லிட்டர். விலை வித்தியாசத்தை பெட்ரோலாக மாற்றினால் 2,400 லிட்டர் வருகிறது. அதாவது எட்டு வருடம்! அதற்குள் நானே காரை மாற்றிவிடுவேன்.

இந்த 20 சரியா என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. 23 கிடைத்தால் ஆறு வருடத்துக்குள் வந்துவிடும். அதனால் நெடுஞ்சாலையில் ஹைப்ரிட் ஓட்டுபவர்கள் உங்கள் மைலேஜைச் சொல்லுங்களேன். டேஷ்போர்டு காட்டும் எண் வேண்டாம், அது பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு வேண்டும். என்ன வேகம், ஏசி ஓடியதா என்பதும் முக்கியம்.

அப்புறம், பழைய ஹைப்ரிடை விற்றவர்கள் யாராவது உண்டா? கூடுதலாகக் கொடுத்த பணத்தில் எவ்வளவு திரும்பி வந்தது?