புதுப்பிப்பு: Resolved என்று அவசரப்பட்டுப் போட்டது

எங்கள் பணம் கட்டும் சேவையில் வந்த தடங்கலைப் பற்றி, “டிக்கெட்டை மூடினோம், வாடிக்கையாளர் பார்க்கும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் Resolved போட்டோம். அப்புறமும் ஏன் போன் வந்துகொண்டே இருந்தது?” என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

காரணம் கிடைத்தது. நாங்கள் மூடிய டிக்கெட் ‘டேட்டாபேஸை மாற்று சர்வருக்குத் திருப்புதல்’. அது முடிந்தது உண்மைதான். ஆனால் வரிசையில் தேங்கிய ரசீதுகள் போய்ச்சேர இன்னும் நாற்பது நிமிடம் ஆனது. பணம் கட்டியவருக்கு ரசீது வராதவரை எதுவும் சரியாகவில்லையே!

டிக்கெட் மூடினால் பக்கமும் தானாக மாறட்டும் என்றார் ஒரு நண்பர். பாதி சரி. காரணம் தெரிந்தது என்னும் Identified நிலை வரை அது ஓடும். Resolved மட்டும் ஆள் பார்த்துத்தான் போட வேண்டும். உதவியது ஒரு மூத்த அக்கா சொன்னது: “சரிசெய்கிறவரே ஸ்டேட்டஸ் பக்கத்தில் எழுதக் கூடாது. தேங்கியது தீர்வதற்குத் தனி டிக்கெட் போடுங்க. அது மூடும்வரை பக்கத்தில் Monitoring, அதாவது கவனித்து வருகிறோம் என்றே இருக்கட்டும்.”

நேற்று மறுபடி தடங்கல். இப்படி எழுதினோம்:

“பணம் கட்டுவது 11:20 முதல் வேலை செய்கிறது. அதற்கு முன் கட்டியவர்களுக்கு ரசீது தாமதமாகும்; மீண்டும் கட்ட வேண்டாம். அடுத்த தகவல் 11:50க்கு.”

11:50க்குப் புதிதாக ஒன்றுமில்லை. இருந்தும் அதையே சொல்லி 12:20 என்று போட்டோம். போன் குறைந்தது.

இரவில் ஒருவர் மட்டுமே பணியில் இருந்தால் யார் எழுதுவது? அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.