மாத ஊசியோடு தந்த குளிசையை நிறுத்திவிட்டேன், இப்போது நாரி நோகிறது. எலும்பு கரைகிறதா?

கொக்குவில் கவி

வயது 31. எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையின் உட்படலம் போன்றது வெளியே வளர்கிற வருத்தம். இடது சூலகத்தில் 4 சென்டிமீற்றர் கட்டி என்று ஸ்கானில் வந்தது. கிளினிக்கில் லியூப்ரோரெலின் 3.75 மில்லிகிராம் ஊசி மாதம் ஒன்றாக ஆறு போட வேண்டும் என்றார்கள். மூன்று போட்டாயிற்று. கூடவே டிபோலோன் 2.5 மில்லிகிராம் குளிசை, தினமும் இரவில் ஒன்று.

முதல் ஊசி போட்டு ஐந்தாம் நாள் தொடக்கம் ஒரு கிழமைக்கு, முன்பு இல்லாத அளவு நோ. இரண்டாம் ஊசிக்குப் பிறகு மாதவிடாய் நின்றது, வயிற்று நோவும் போய்விட்டது. அது வரைக்கும் சந்தோஷம். ஒரு நாள் குளிசைப் பெட்டிக்குள் இருந்த துண்டை எடுத்து வாசித்தேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹோர்மோன் என்று இருந்தது. ஹோர்மோனைக் குறைக்க ஊசி, பிறகு ஏன் ஹோர்மோன் குளிசை? யாரோ மாறித் தந்துவிட்டார்கள் என்று நினைத்து நாலு கிழமையாக நிறுத்திவிட்டேன். இப்போது இரவில் தலையணை நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. விடிய எழும்பினால் நாரியும் முழங்காலும் பிடித்துக்கொள்கின்றன. இந்த ஊசி எலும்பைக் கரைக்கும் என்று மாமி சொல்கிறார். எலும்புதான் நோகிறதா? அடுத்த ஊசி 12ஆம் திகதி. போடலாமா?

நல்லூர் நந்தினி

பிள்ளை பெறாமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒருக்கால் போடுகிற ஊசிதானே? எனக்கும் போட்டார்கள், உடம்பு பெருத்ததைத் தவிர ஒன்றும் இல்லை. பயப்படாதீங்கோ.

கொக்குவில் கவி

இல்லை அக்கா, அது வேறு. இது சூலகத்தையே உறங்க வைக்கிற ஊசி என்று மிஸ்ஸி சொன்னவா.

சுன்னாகம் சிவா

தங்கச்சி, நிறுத்தியது சரி. ஈஸ்ட்ரஜன்தான் இந்த வருத்தத்துக்குத் தீனி. ஊசியால் பூட்டிவிட்டுக் குளிசையால் திறந்துவிட்டால் என்ன பலன்? எலும்புக்குக் கல்சியம், விற்றமின் டி, முருங்கையிலை, முள்ளோடு நெத்தலி போதும். என் மனைவிக்கு அப்படித்தான் பார்த்தோம்.

சாவகச்சேரி மருந்தக்கா

27 வருடம் மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். பிள்ளை, உங்களுக்கு மாறித் தரவில்லை. அந்தக் குளிசை ஊசியோடு சேர்த்தே தருகிற ஒன்று.

சிவா தம்பி சொன்னதில் பாதி சரி. ஈஸ்ட்ரஜன் இந்த வருத்தத்தை வளர்க்கும், உண்மை. ஆனால் எவ்வளவு இருந்தால் வளர்க்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கடி இறைக்க வேண்டும், வேலியில் நிற்கிற முருங்கைக்கு வாய்க்காலில் கசிகிறதே காணும். இறைப்பைக் குறைத்தால் வெங்காயம் வாடும், முருங்கை நிற்கும். கிணற்றையே மூடிவிட்டால் முருங்கையும் பட்டுப்போகும். எண்டோமெட்ரியோசிஸ் வெங்காயம் மாதிரி, எலும்பு முருங்கை மாதிரி. தனி ஊசி கிணற்றை மூடுகிறது. அந்தக் குளிசை எலும்புக்கும் மூளைக்கும் தேவையான கசிவை மட்டும் விடுகிறது. நோ திரும்பி வருகிற அளவுக்கு அது போவதில்லை.

இந்த ஊசியைத் தனியாக ஆறு மாதம் போட்டவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 3 சதவீதமளவு குறைந்தது, ஒரு வருடம் போட்டவர்களுக்கு 6 சதவீதமளவு. கூடவே நோரெதிஸ்டரோன் அசெற்றேற் 5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்திலும் 1 சதவீதமளவுதான். உங்களுடையது டிபோலோன், பெயர் வேறு, தருகிற காரணம் அதேதான். கல்சியமும் நெத்தலியும் வேண்டும்தான், ஆனால் ஈஸ்ட்ரஜன் இல்லாத எலும்பை அவை தனியே பிடித்து வைக்காது.

இனி உங்கள் நாரி. எலும்பு அடர்த்தி குறைவது நோகாது பிள்ளை. முறியும் வரைக்கும் ஒரு சத்தமும் வராது, டெக்ஸா ஸ்கானில்தான் தெரியும். ஆகவே இந்த நோவை வைத்து எலும்பு கரைகிறது என்று சொல்ல முடியாது. நாலு கிழமையில் முறிகிற அளவுக்குக் கரையவும் மாட்டாது. ஈஸ்ட்ரஜன் திடீரென்று இறங்கினால் மூட்டு இறுகும், இரவில் வியர்க்கும், நித்திரை கெடும். குளிசையை விட்ட பிறகு இவை எல்லாம் சேர்ந்து வந்ததுதான் எனக்கு அடையாளமாகத் தெரிகிறது. ஆனாலும் கிளினிக்கில் நாரி நோவைச் சொல்லுங்கள், எண்டோமெட்ரியோசிஸாலும் நாரி நோகும்.

முதல் கிழமை நோ கூடியதும் ஊசியின் இயல்பு. இது முதலில் சூலகத்தைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் உறங்க வைக்கும்.

12ஆம் திகதி ஊசியைத் தவறவிட வேண்டாம். நாளைக்கே கிளினிக்குக்குப் போன் எடுத்து, குளிசையை விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து இரண்டு போடக்கூடாது.

மானிப்பாய் ராணி

எனக்கு 44 வயது, கருப்பையில் பைப்ரொயிட் கட்டி. ஹீமோகுளோபின் 7.6. ஒப்பரேசனுக்கு முன்பு இதே ஊசி மூன்று. இரத்தப்போக்கு நின்றது, இரும்புச்சத்துக் குளிசையோடு 11 ஆனது, கட்டியும் சுருங்கியது. பிறகுதான் வெட்டினார்கள். எனக்கு எலும்புக்கான அந்தக் குளிசை தரவே இல்லையே மருந்தக்கா? என்னைக் கவனிக்காமல் விட்டார்களா?

சாவகச்சேரி மருந்தக்கா

இல்லை ராணி. மூன்று மாதத்தில் வெட்டப் போகிறார்கள் என்றால் பலர் அதைத் தருவதில்லை. குறுகிய காலம், கட்டியும் நன்றாகச் சுருங்க வேண்டும். அதற்குள் குறைகிற எலும்பு பெரும்பாலும் பிறகு தேறிவிடும். வெட்டாமல் ஊசியை மட்டும் நிறுத்தியிருந்தால் சில மாதங்களில் கட்டி பழையபடி வளர்ந்திருக்கும். அதனால்தான் இதைத் தனி வைத்தியமாக நீட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

கொக்குவில் கவி

லண்டனில் இருக்கிற மச்சாள் ஊசியே இல்லாமல் ஒரு புதுக் குளிசை எடுக்கிறாவாம், அதில் எலும்புப் பிரச்சினை இல்லையாம். உண்மையா?

சாவகச்சேரி மருந்தக்கா

இல்லை என்பது கூடுதல். அநேகமாக ரெலுகோலிக்ஸாக இருக்கும். ஒரே குளிசைக்குள் ரெலுகோலிக்ஸ் 40 மில்லிகிராம், அதோடு எஸ்ட்ரடையோல் 1 மில்லிகிராம், நோரெதிஸ்டரோன் அசெற்றேற் அரை மில்லிகிராம். உங்களுக்கு ஊசியாகவும் குளிசையாகவும் பிரித்துத் தந்ததை ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் விட்டதைப் போல அவவால் பாதியை மட்டும் விட முடியாது. அதுதான் எனக்குப் பிடித்த நன்மை. சூலகத்தைத் தட்டி எழுப்பாமல் நேரே தடுப்பதால் முதல் கிழமை நோக்கூடுதலும் இல்லை. நிறுத்தினால் சூலகமும் கெதியாக விழிக்கும்.

எலும்பு கொஞ்சம் குறையத்தான் செய்கிறது, தனி ஊசியை விட மிகக் குறைவு. அமெரிக்காவில் பைப்ரொயிட்டுக்கு 2021இலும் எண்டோமெட்ரியோசிஸுக்கு 2022இலும் அனுமதித்தபோது 24 மாதத்துக்கு மேல் வேண்டாம் என்று எல்லை போட்டார்கள். இதற்கு முன்பு வந்த எலகோலிக்ஸை எண்டோமெட்ரியோசிஸுக்கு 150 மில்லிகிராம் தினம் ஒருமுறை என்றால் 24 மாதம் விடுகிறார்கள். 200 மில்லிகிராம் தினம் இருமுறை என்றால் ஆறு மாதம்தான். மருந்து பலமாகப் பூட்டப் பூட்ட எலும்பு கொடுக்கிற விலை கூடும்.

சுன்னாகம் சிவா

அக்கா, மனைவிக்குத் தலையிடி வர முன்பு கண்ணுக்குள் மின்னல் மாதிரி ஓடும். அதனால்தான் ஹோர்மோன் குளிசை வேண்டாம் என்றிருப்பார்களோ? எட்டு மாதம் ஊசி மட்டும் போட்டவா.

சாவகச்சேரி மருந்தக்கா

இருக்கலாம் தம்பி. அப்படி மைக்ரேன் இருந்தால், காலில் இரத்தம் கட்டிய வரலாறு இருந்தால், ஈஸ்ட்ரஜன் சேர்ந்த குளிசைக்கு யோசிப்பார்கள். அதைச் சொல்லாமல் எல்லாருக்கும் நெத்தலி போதும் என்று எழுதிவிட்டீர்கள். எட்டு மாதம் என்றால் அவவுக்கு டெக்ஸா எடுக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள்.

கொக்குவில் கவி

போன் எடுத்தேன். இன்றிரவே தொடங்கச் சொன்னார்கள், 12ஆம் திகதி ஊசியும் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமாம். ஆறு ஊசிக்குப் பிறகு என்ன என்று கேட்டதற்கு, பிள்ளைக்கு முயற்சிக்கிற எண்ணம் எப்போது என்று திருப்பிக் கேட்டார்கள். இவரோடு இன்னும் கதைக்கவில்லை.

சாவகச்சேரி மருந்தக்கா

கதையுங்கள். அது வரைக்கும் ஆணுறை பாவியுங்கள். மாதவிடாய் நின்றிருக்கிறது என்று நம்பி இருக்க வேண்டாம், ஊசி ஒன்று பிந்தினாலே முட்டை வரலாம். வியர்வை இரண்டு மூன்று கிழமையில் குறையாவிட்டால் இங்கே எழுதுங்கள்.