குவாட்ட்ரீ பிரிவதை நிறுத்தாமல் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

நொய்யல்கரை

கூரியர் முகவரிகளை வரைபடப் புள்ளிகளாக்கி, ஒரு வட்டாரத்துக்குள் எவையெல்லாம் வருகின்றன என்று தேடித்தரும் பழைய நிரல் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். உள்ளே இருப்பது குவாட்ட்ரீ. ஒரு சதுரத்தில் 4 புள்ளிகள் வரை தங்கலாம். ஐந்தாவது வந்தால் சதுரம் நான்காகப் பிரியும், புள்ளிகள் அதனதன் பகுதிக்கு இறங்கிவிடும். நெடுநாள் ஒழுங்காக ஓடியது. கோவை முகவரிகள் அடங்கிய புதிய பட்டியலை ஏற்றியதும் இப்படிச் சொல்லி விழுந்தது:

```
RecursionError: maximum recursion depth exceeded
```

மரத்தை ஆழவாரியாக அச்சிட்டுப் பார்த்தேன். பெரும்பாலான கிளைகள் ஏழெட்டு நிலைகளில் முடிந்துவிடுகின்றன. ஒரே ஒரு கிளை மட்டும் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் மூன்று பகுதிகள் காலி, நான்காவதில் அதே ஐந்து புள்ளிகள். ஐந்துக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடைசி இலக்கம் வரை ஒன்றே. கதவு எண் பிடிபடாத முகவரிக்கெல்லாம் அந்தப் பின்கோடு பகுதியின் மையத்தையே விடையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் இருக்கும் ஐந்து புள்ளிகளை எந்தக் கோட்டால் பிரிப்பது? இதைச் சந்தித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

மணிமுத்தாறு

எனக்கும் வந்தது. கொள்ளளவை 4இலிருந்து 50 ஆக்கினேன், சரியாகிவிட்டது. இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய நிலஅளவையர்

மணிமுத்தாறு தம்பி, 51ஆவது முகவரி அதே பின்கோடு மையத்தில் வந்து உட்காரும் வரைதான் அந்த நிம்மதி. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நெருக்கமாக, ஆனால் வெவ்வேறு இடங்களில் இருக்கும் புள்ளிகளுக்குக் கொள்ளளவைக் கூட்டுவது நல்ல மருந்து. ஒரே புள்ளிக்கு அது மருந்தே அல்ல.

மரத்தின் ஆழம் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். புள்ளிகள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதுதான் முக்கியம். பக்கத்துக்கு 1024 மீட்டர் உள்ள சதுரத்தில் இரண்டே புள்ளிகள், இடைவெளி 1 சென்டிமீட்டர், கொள்ளளவு 1 என்று வையுங்கள். பத்து முறை பிரித்தால் கட்டம் 1 மீட்டராகும். 17 முறை பிரித்தால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். ஆனால் அதன் மூலைவிட்டம் இன்னும் 11 மில்லிமீட்டர் இருப்பதால் இரண்டும் ஒரே கட்டத்தில் மாட்டியிருக்கலாம். 18ஆவது பிரிப்பில் கட்டாயம் பிரிந்துவிடும். அதே இரண்டு புள்ளிகளும் சதுரத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் விழுந்திருந்தால் முதல் வெட்டிலேயே கதை முடிந்தது! இடைவெளி பூஜ்யமானால் கணக்குக்கு முடிவே கிடையாது.

பைத்தான் உங்களைச் சீக்கிரம் காப்பாற்றிவிட்டது என்பேன். மறுசுழல் எல்லை இல்லாத விதத்தில் எழுதியிருந்தால் வேறொரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். கோவையின் தீர்க்கரேகை 76க்கும் 77க்கும் நடுவில். 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில், அந்த அளவுள்ள அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே உள்ள தூரம் 2^-46 பாகை. நிலத்தில் அது ஒன்றரை நானோமீட்டர். ஆக 1 பாகை அகலக் கட்டத்தை 46 முறை பிரித்த பிறகு நடுப்புள்ளி என்று ஒன்று கிடைக்காது. `(a+b)/2` போட்டால் `a` அல்லது `b`தான் திரும்பி வரும். அதற்குமேல் பிள்ளைக் கட்டமும் தாய்க் கட்டமும் ஒரே அகலம். நினைவகம் தீரும் வரை நிரல் அந்த இடத்திலேயே சுற்றும்.

நொய்யல்கரை

நன்றி ஐயா. அப்படியானால் முதன்முதலில் இதை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாதா?

பழைய நிலஅளவையர்

ஃபிங்கெலும் பென்ட்லியும் 1974இல் வெளியிட்ட மரம் வேறு வகை. அதில் கோடு சதுரத்தின் நடுவில் விழாது. நுழையும் புள்ளியின் வழியாகவே விழும். ஒரு புள்ளிக்கு ஒரு கணு, அவ்வளவுதான். அதனால் இந்த முடிவில்லாத இறக்கம் அங்கே இல்லை. பதிலுக்கு வேறு தொல்லைகள் உண்டு. புள்ளிகளைத் தீர்க்கரேகை வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் மரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நீளும். நடுவிலுள்ள புள்ளியை நீக்கினால் கீழே இருப்பவற்றையெல்லாம் மறுபடி நட வேண்டியிருக்கும். நம் கையில் இருப்பது இடத்தைச் சரிபாதியாக வெட்டும் வகை. ஒரே புள்ளிகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் ஒரே மரம்தான் வரும் என்பது இதன் அருமை.

பிக்சல்பித்தன்

தலைப்பைப் பார்த்துப் படங்களைப் பற்றிய பேச்சு என்று வந்தேன். பரவாயில்லை, என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் திட்டப்பணிக்காகக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் குவாட்ட்ரீயில் சுருக்கினேன். கட்டம் முழுக்க ஒரே நிறமானால் நிறுத்து, கலந்திருந்தால் பிரி. 8×8 படத்தின் இடது மேல் மூலையில் 4×4 கறுப்புச் சதுரம் இருந்தால் ஒரு வேர், நான்கு இலைகள், மொத்தம் 5 கணுக்கள். அதே சதுரத்தை ஒரு பிக்சல் வலமாகவும் ஒரு பிக்சல் கீழாகவும் நகர்த்தினேன். 53 கணுக்கள்! நிரலில் பிழையோ என்று பயந்து தாளில் வரைந்து எண்ணினேன், அதே 53. நான்கு கால்பகுதிகளும் கலந்துவிட்டன, அவற்றுக்குள் எட்டு 2×2 கட்டங்கள் தனிப் பிக்சல் வரை உடைந்தன. வழிகாட்டியிடம் கேட்டபோது "அது அப்படித்தான்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

பழைய நிலஅளவையர்

வெட்டுக்கோடுகள் படத்தைப் பார்த்து விழுவதில்லை, அவை ஏற்கெனவே குறித்த இடத்தில் நிற்கின்றன. சதுரத்தின் விளிம்பு அந்தக் கோட்டோடு பொருந்தினால் லாபம். ஒரு பிக்சல் தவறினால் விளிம்பு நெடுகச் சின்னக் கட்டங்களாகச் சிதறும். பெரிய படத்தில் கணுக்களின் எண்ணிக்கை உருவத்தின் பரப்பைவிட அதன் சுற்றளவோடு சேர்ந்து கூடுவதும் இதனால்தான். உங்களுக்கு ஒரு நிம்மதி உண்டு: பிக்சலுக்குக் கீழே வெட்ட வழியில்லை. 8×8 படத்தில் மூன்றே நிலைகள். நொய்யல்கரைக்கு அந்தத் தரை இல்லை.

மணிமுத்தாறு

அப்படியென்றால் தரையை நாமே போட்டுவிட்டால் போயிற்று:

```
if len(self.pts) > CAP and self.depth < MAX_DEPTH:
    self.split()
```

ஆழம் எல்லையைத் தொட்டதும் அந்த இலை எத்தனை புள்ளிகளையும் வாங்கிக்கொள்ளும். கொள்ளளவு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன், இதைப் பெறமாட்டேன்.

ஆட்டக்களம்

எங்கள் விளையாட்டு நிரலில் இந்த வரி இருக்கிறது. ஆனால் எங்கள் வியாதி வேறு. நாங்கள் வைப்பது அகலமுள்ள பொருள்கள். நடுக்கோட்டின் மேல் நிற்கும் சின்னத் தோட்டாகூட எந்தக் கால்பகுதிக்குள்ளும் முழுதாக அடங்காமல் வேரிலேயே தங்கிவிடும். திரையின் நடுவில் சண்டை மூண்டால் வேரில் கூட்டம் சேர்ந்து, மோதல் சோதனை முழுவதும் அங்கேயே நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் எல்லையையும் இருமடங்கு தளர்த்தி, பொருளின் மையம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதிலேயே அதை வைத்தோம். தேடும்போது அண்டைக் கட்டங்கள் கூடுதலாக அகப்படுகின்றன. ஆனாலும் வேரில் கூட்டம் கலைந்தது.

நொய்யல்கரை

மணிமுத்தாறு சொன்னபடி `MAX_DEPTH` 20 வைத்து ஓட்டினேன். விழவில்லை. ஆனால் ஒரு பின்கோடு மையத்தில் நூற்றுக்கணக்கான முகவரிகள் குவிந்திருக்கின்றன. அவற்றை எட்டும் வரை இருபது நிலை வெற்றுக் கணுக்கள் தொங்குகின்றன.

பழைய நிலஅளவையர்

அதனால்தான் ஆழ எல்லையை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன். ஒரே ஆயத்தொலைவில் இருப்பவற்றை ஒரே பதிவாக்கி, அதன்கீழ் முகவரி எண்களைப் பட்டியலாக வையுங்கள். கொள்ளளவை எண்ணும்போது அந்தப் பதிவு ஒன்றுதான். வெற்றுக் கணுக்கள் தோன்றவே தோன்றா. ஆழ எல்லை காவலுக்கு இருக்கட்டும்.

மணிமுத்தாறு

ஆறாவது தசம இலக்கத்தில் மட்டும் வேறுபடும் புள்ளிகள் வந்தால்? அவை உங்கள் கணக்கில் வேறு வேறு பதிவுகள். அங்கே என் வரிதான் கைகொடுக்கும்.

பழைய நிலஅளவையர்

ஐந்தாவது இலக்கத்துக்கு முழுமையாக்கிவிட்டு ஒப்பிடலாம். அது ஒரு மீட்டர் அளவுதான், கூரியருக்குப் போதும்.

மணிமுத்தாறு

ஒரே மாடிப்படியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகளுக்கு?

நொய்யல்கரை

எங்கள் பட்டியலில் அடுக்குமாடிகள் நிறைய. முழுமையாக்குவதற்கு முன் அவற்றைத் தனியாகப் பிரித்து ஓட்டிப் பார்க்கிறேன்.