ஏர் ஃப்ரையரில் ஃபிங்கர் சிப்ஸ்: உங்களுக்கு எப்படி வந்தது?

தேன்மழை
போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எண்ணெயைக் குறைக்கலாம் என்று ஏர் ஃப்ரையரில் ஃபிங்கர் சிப்ஸ் போட்டேன். 200 டிகிரி, 20 நிமிடம். நிறம் அருமை. சின்னவன் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தான். அது ஒடியவே இல்லை, வளைந்துதான் போனது. மேலே ரப்பர் மாதிரித் தோல், உள்ளே வறட்சி. ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். வாணலியில் பொரித்த பதத்துக்குப் பக்கத்திலாவது யாருக்காவது வந்திருக்கிறதா?

நெடுஞ்சுடர்
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வெட்டியதும் அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள், மாவுச்சத்து போய்விடும், அது போதும். எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதைத் தவிர்க்கத்தானே இதை வாங்கினோம்!

பழைய வாணலி
ஊறவைப்பது சரி. மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளாது, சீக்கிரம் கருகவும் செய்யாது. எண்ணெயே வேண்டாம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ந்த எண்ணெய் எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டு சட்டென்று சூடு ஏற்றும். காற்று அவ்வளவு வேகமாக ஏற்றாது. பச்சைத் துண்டு உள்ளே வேகும் வரை காத்திருந்தால் மேல்பக்கம் மெதுவாகக் காய்ந்து கனத்த தோலாகிவிடுகிறது. தேன்மழை வீட்டில் வளைந்தது அதுதான்.

நான் உள்ளே வேகவைக்கும் வேலையைத் தண்ணீரிலேயே முடித்துவிடுவேன். அரைக் கிலோ கிழங்கு, விரல் கனத்துக்குத் துண்டுகள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர், கொஞ்சம் உப்பு. மெல்லக் கொதிக்கும் தண்ணீரில் சுமார் 10 நிமிடம். வினிகர் இருந்தால் துண்டு குழைந்து உடையாது. கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், தூக்கினால் முழுசாக நிற்க வேண்டும், அதுதான் பதம். வடித்துத் துணியில் பரப்பி, ஆவி அடங்கி மேல்பக்கம் வெளுத்துக் காயும் வரை தொடாதீர்கள். அப்புறம் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு போட்டுப் பிரட்டுங்கள். ஓரங்கள் லேசாகச் சொரசொரப்பாகும். மொறுமொறுப்பு வரப்போவது அங்கேதான்.

முன்பே சூடேற்றிய கூடையில் ஒரே அடுக்காக, 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கி. பதத்தைக் காதால் கேட்கலாம். பாதியில் குலுக்கினால் மொத்தென்று விழும். வெந்து முடிந்ததும் கூடையில் சலசலவென்று உருளும். அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்ட மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் எடுத்த பிறகுதான். முன்பே போட்டால் தூள் கருகும், உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும்.

குளிர்மேகம்
அரிசி மாவு போட்டால் வெங்காய வளையமும் வருமா? நான் கரைத்த மாவில் முக்கிப் போட்டேன். மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாக வழிந்து அடித்தட்டில் கருகி, வீடே புகை. வெறும் வெங்காயம்தான் மிஞ்சியது.

கைப்பக்குவம்
எனக்கும் மாவு வழிந்திருக்கிறது. எண்ணெயில் விழுந்த நொடியே கரைத்த மாவு இறுகும், காற்றில் இறுகுவதற்குள் வழிந்துவிடும். அதனால் பிரெட் தூளுக்கு மாறுங்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அந்தத் தூளை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஒரு கப் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வாணலியில் பொன்னிறமாக வறுத்து ஆறவையுங்கள். வெங்காயத்தை உலர்ந்த மாவில் பிரட்டி, அடித்த முட்டையில் முக்கி, கடைசியில் இந்தத் தூளில் அழுத்தி எடுங்கள். வறுக்காத தூள் வெளுத்தே இருக்கும், நிறத்துக்காகக் கூடுதல் நேரம் வைத்தால் உள்ளே இருப்பது வற்றிப்போகும். இன்னொன்று, கடையில் விற்கும் எண்ணெய் ஸ்பிரே டப்பாக்களில் பலவற்றில் லெசித்தின் கலந்திருக்கும். அது கூடையில் பிசினாகப் படிந்து ஒட்டாத பூச்சைக் கெடுக்கும். வெறும் எண்ணெயைத் தூரிகையால் தடவுங்கள்.

நெடுஞ்சுடர்
தண்ணீரில் வேகவை, துணியில் உலர்த்து, அப்புறம் எண்ணெய், மாவு. இவ்வளவு செய்வதற்கு வாணலியே மேல் இல்லையா?

பழைய வாணலி
வேலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அரைக் கிலோவுக்குச் செலவாவது ஒரே ஒரு கரண்டி எண்ணெய்.

தேன்மழை
நேற்று பழைய வாணலி சொன்னபடியே செய்தேன். ஒடித்தால் சத்தம் கேட்டது, சின்னவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் பொரித்த வாசனை இல்லை என்கிறாள் பெரியவள். அதோடு, ஐந்து பேருக்குப் போட்டு முடிப்பதற்குள் முதல் ஈடு நமுத்துவிட்டது.

பழைய வாணலி
நமுத்ததற்கு வழி இருக்கிறது. முதல் ஈடுகளைக் குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்பி வைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து 200 டிகிரியில் 2 நிமிடம் காட்டுங்கள். இந்த ஒருமுறை கூடை நிறைந்தாலும் பரவாயில்லை, ஈரம்தான் ஏற்கெனவே போய்விட்டதே. வாசனை விஷயத்தில் உங்கள் மகள் சொல்வது சரி. அது நிறையக் காய்ந்த எண்ணெயிலிருந்தே வருவது, ஒரு கரண்டியில் முழுசாகக் கிடைக்காது. வாசனையான எண்ணெயாக எடுத்துப் பாருங்கள், கொஞ்சம் கிட்டே வரும்.